ஒரு பத்தி, ஒரு சங்கதி

கேள்வி: வேலூர் கோர்ட்டில் தாக்கல் செய்ய அபிடவிட் எழுதியிருக்கிறேன். நான்காம் பத்தியில் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. எப்படிப் பிரிப்பது?

“போன மாதம் எதிர்மனுதாரர் வேலி போட்டார், நோட்டீஸ் விட்டேன், காட்பாடி மனையை 2019-ல் கிரயம் வாங்கி 2022-ல் பட்டா மாற்றினேன்” என்பது போல இருக்கிறதா? எதிர்த்தரப்பு இதை மொத்தமாக “பத்தி 4 மறுக்கப்படுகிறது” என்று ஒரே வரியில் தள்ளிவிடும். எதை ஒப்புக்கொண்டார்கள் என்றே தெரியாது.

ஒவ்வொரு வினைச்சொல்லிலும் வெட்டுங்கள். 4 கிரயம், 5 பட்டா, 6 வேலி, 7 நோட்டீஸ். ஒவ்வொன்றும் தேதியோடு தொடங்கட்டும். கிரயப் பத்திரம் கையில் இருக்க, 4-ஐ மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். வேலி போட்டதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும் என்றால், அதையும் பத்தி 6-லேயே எழுதுங்கள்.

அப்புறம், “மேற்படி பத்தி 4-ல் கூறியபடி” போன்ற வரிகளில் பழைய எண் ஒட்டிக்கொண்டிருக்கும், தேடித் திருத்துங்கள். இதெல்லாம் உறுதிமொழிக் கையெழுத்துக்கு முன்புதான்.