எழுபது பெட்டிகள் எங்கே போயின?

"ஐயா, பாரிமுனையில் பிவிசி குழாய் இணைப்புகளை மொத்த விலைக்கு விற்கும் கடையில் வேலை பார்க்கும் ஒரு கணக்கரைப் பற்றிச் சிறுகதை எழுதுகிறேன். மாதக் கடைசி நெரிசலில், ஒரே பில் இரண்டு முறை கணக்கில் ஏறியிருப்பதை அவன் கண்டுபிடிக்கிறான். கோப்பைப் புரட்டும்போது தற்செயலாகக் கண்ணில் படுவதாக எழுதியிருந்தேன். படித்த நண்பர் 'நம்பும்படி இல்லை' என்கிறார். உண்மையில் எப்படிக் கண்டுபிடிப்பான்? அடுத்து என்ன செய்வான்?"

உங்கள் நண்பர் சொல்வது சரி. இரண்டு காகிதங்களும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருந்திருந்தால் இரண்டாவது பதிவே நடந்திருக்காது. கடைகளுக்குக் கணக்குச் சரிபார்க்கப் போன அனுபவத்தில் சொல்கிறேன்: இரட்டைப் பதிவு பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் இடம் குடோன்தான். அதுவும் 'சரக்குக் குறைகிறது' என்ற வேடத்தில் வரும். உங்கள் கதைக்கு வேண்டிய பதற்றம் அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் முதல் சந்தேகம் குடோன்காரர் மேல் விழும்.

கடை பாரிமுனையில் இருக்கட்டும், குடோனை மாதவரத்தில் வையுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி சரக்கு பில்லுக்கு மூன்று பிரதிகள் உண்டு. முதலாவது வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கைக் கொண்டுவரும் லாரிக்காரருக்கு, மூன்றாவது விற்பவரிடமே இருக்கும். மின்னணு பில் போடும் நிறுவனங்களுக்கு இந்த மூன்று பிரதிக் கட்டாயம் இல்லை என்றாலும் பழக்கம் போகவில்லை. சரக்கை விற்பவர் கோயம்புத்தூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆக, அவர் அனுப்பும் முதல் பிரதி தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ கடைக்கு வருகிறது. இரண்டாம் பிரதி லாரியோடு மாதவரம் போய், குடோன்காரரின் கையெழுத்தோடு ஓரிரு நாள் கழித்துக் கடைக்கு வந்து சேர்கிறது. மாதக் கடைசியில் பதிவு செய்ய இரண்டு பேர் உட்கார்ந்தால், ஆளுக்கு ஒன்றைப் பதிந்துவிடுகிறார்கள்.

கணினி தடுக்காதா என்று கேட்பீர்கள். விற்றவரின் பில் எண்ணை ஒருவர் `CB/1147` என்றும் இன்னொருவர் வெறும் `1147` என்றும் தட்டியிருந்தால், கணினிக்கு அவை இரண்டு வேறு பில்கள். தேதியும் வேறாக இருக்கும்: ஒருவர் பில் தேதியான 26-ஐப் போட்டிருப்பார், மற்றவர் சரக்கு இறங்கிய 28-ஐப் போட்டிருப்பார். கடையின் சொந்த வரிசை எண்கள் இரண்டுக்கும் ஒழுங்காக, அடுத்தடுத்து விழுந்திருக்கும். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பில்லில் 70 பெட்டிகள், பெட்டிக்கு 2,000 ரூபாய். சரக்கு மதிப்பு 1,40,000. 18 சதவீத வரி 25,200. மொத்தம் 1,65,200. இது இரண்டு முறை ஏறியதால் மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் வீங்குகின்றன. கையிருப்பில் இல்லாத 70 பெட்டிகள், கோயம்புத்தூர்க்காரருக்குத் தர வேண்டாத 1,65,200, அரசிடம் கோரக்கூடாத உள்ளீட்டு வரி 25,200.

30-ஆம் தேதி குடோனில் சரக்கு எண்ணுகிறார்கள். புத்தகத்தில் 182, கையில் 112. முதலாளி குடோன்காரரைக் கூப்பிடுகிறார். உங்கள் கணக்கர் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கலாம்: குறைவது சரியாக 70. திருட்டு நடந்தால் மூன்று, ஏழு, பதினொன்று என்று ஒழுங்கில்லாமல்தான் சரக்கு கரையும். முழு பில் அளவுக்குக் குறைவது அபூர்வம். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது கைவந்த பாடம். வித்தியாசம் வந்தால் முதலில் அந்தத் தொகையையே புத்தகத்தில் தேடுவார்கள், பிறகு அதில் பாதியை. ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் ஆள் கொள்முதல் பதிவேட்டில் 70-ஐத் தேடட்டும்.

ஆனால் உடனே கிடைத்துவிட வேண்டாம். இந்த வியாபாரத்தில் ஒரே அளவில் திரும்பத் திரும்ப ஆர்டர் போடுவது வழக்கம். அவனுக்கு மூன்று பதிவுகள் கிடைக்கட்டும்: 12, 26, 28. மூன்றிலும் அதே 70, அதே தொகை. இவற்றில் 12-ஆம் தேதியது உண்மையான தனிக் கொள்முதல். இங்கே அவசரப்பட்டு நல்ல பதிவை அழித்துவிடுகிற கணக்கர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதம் முழுவதையும் எக்செலில் சலித்தாலும் இதே சிக்கல்தான். பி பத்தியில் விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணும் இ பத்தியில் சரக்கு மதிப்பும் இருந்தால்,

```
=COUNTIFS(B:B,B2,E:E,E2)
```

என்ற சூத்திரம் ஒன்றுக்கு மேல் காட்டும் வரிகள் சந்தேகப் பட்டியல் மட்டுமே. இந்த மூன்றுக்கும் அது 3 என்றே காட்டும்.

தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. மூன்று பில்களையும் மேசையில் பரப்பி லாரி ரசீது எண்களைப் பார்க்கட்டும். 12-ஆம் தேதிக்கு ஒரு ரசீது, மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. விற்றவரின் ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால் அது மின்னணு பில்லாக இருக்கும், அதில் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற அடையாள எண் அச்சாகியிருக்கும். இந்த எண் விற்றவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், நிதியாண்டு போன்றவற்றிலிருந்து உருவாவதால் இரண்டு பில்களுக்கு ஒன்றாக அமையாது. முதல் பிரதியிலும் லாரிப் பிரதியிலும் அந்த நீண்ட எழுத்து வரிசையின் கடைசி ஆறு எழுத்துகளை விரல் வைத்து ஒப்பிடுவது நல்ல காட்சி.

ஒரு பிழையைத் தவிருங்கள். அரசு இணையதளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்த பில் ஒருமுறைதான் இருக்கும். அதைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் அது அடுத்த மாதம் 14-ஆம் தேதிதான் உருவாகும். 30-ஆம் தேதி இரவு அதை அவன் கையில் கொடுத்தால் விஷயம் தெரிந்த வாசகர் சிரிப்பார்.

கண்டுபிடித்த பின் டெபிட் நோட் போடுவதாக எழுதிவிடாதீர்கள். சரக்கு எதுவும் திரும்பிப் போகவில்லையே. 28-ஆம் தேதிப் பதிவை ரத்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். டாலியில் `Alt+X`. `Alt+D` அழுத்தினால் பதிவே காணாமல் போகும். ரத்து செய்தால் வரிசை எண் தடயமாக நிற்கும். லாரிப் பிரதியில் குடோன்காரரின் கையெழுத்து இருப்பதால் அதை முதல் பிரதியோடு சேர்த்துப் பின் குத்தி வைப்பான். இதற்குள் பணமும் இரண்டு முறை போயிருந்தால், இரண்டாவது தொகை விற்றவர் கணக்கில் முன்பணமாக நிற்கும். அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

இதையே மோசடிக் கதையாக மாற்ற நினைத்தால் சரக்கு பில்லைத் தொடாதீர்கள். விவரம் தெரிந்த திருடன், குடோனில் எண்ணிக் காட்டிக்கொடுக்கும் பில்லை இரண்டு முறை ஏற்ற மாட்டான். லாரி வாடகை, பேக்கிங் கூலி மாதிரி எண்ண முடியாத செலவு பில்லைத்தான் எடுப்பான். அந்தக் கதையில் கணக்கர் ஒப்பிட வேண்டியது பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு எண்களை.

பிழைக் கதையாகவே முடிப்பதானால், லாரிப் பிரதியைப் பதிந்தது யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பல கடைகளில் பதிந்த பில்லின் மேல் கடை வரிசை எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். 28-ஆம் தேதிப் பிரதியின் மூலையில் இருக்கும் அந்தச் சிவப்பு எழுத்து உங்கள் கணக்கருடைய கையெழுத்தாகவே இருக்கலாம். குடோன்காரர் அப்போதும் முதலாளி முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்.