40% மழை என்றால் ஷாமியானா வேண்டுமா?

"சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து பத்து வரை மொட்டை மாடியில் பிறந்தநாள் விருந்து. மொபைலில் அன்றைக்கு 40% மழை என்று காட்டுகிறது. ஊரில் 40% இடத்தில் பெய்யுமா, நாளில் 40% நேரம் பெய்யுமா? ஷாமியானா போடுவதா வேண்டாமா?" – வாசகர், மதுரை

இரண்டுமே இல்லை. உங்கள் வீடு இருக்கும் இடத்தில், அந்த நாளுக்குள் எப்போதாவது, அளக்கக்கூடிய அளவு மழை விழ நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு. அவ்வளவுதான். அமெரிக்க வானிலைச் சேவையின் கணக்கில் 0.25 மி.மீ. விழுந்தாலே அது மழை. தரை நனைவதோடு சரி. அதனால் 90% என்று போட்டிருந்தும் வெறும் தூறலோடு முடியலாம், 30% நாளில் கொட்டித் தீர்க்கலாம். எவ்வளவு பெய்யும் என்பதற்கு மி.மீ. எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

'ஓரிரு இடங்களில்', 'சில இடங்களில்' என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்வதுதான் இடக் கணக்கு. அதை மொபைல் எண்ணோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

அப்புறம் நேரம். 40% என்பது முழு நாளுக்கு. உங்களுக்கு வேண்டியது நான்கு மணி நேரம். மணிவாரிப் பக்கத்தைத் திறங்கள். உதாரணமாக ஆறு மணிக்கு 25, ஏழுக்கு 30, எட்டுக்கு 25, ஒன்பதுக்கு 15 என்று இருக்கிறது. பலரும் இதைக் கூட்டி 95 என்று பயந்துவிடுகிறார்கள். ஏழு மணிக்கு வந்த அதே மேகம்தான் எட்டு மணிக்கும் பெய்யும். ஒரே மழையை இரண்டு முறை எண்ணக் கூடாது. சரி, எப்படிக் கணக்கிடுவது? விருந்து நேரத்தில் மழை வரும் வாய்ப்பு, அதற்குள் வரும் மிகப் பெரிய மணி எண்ணைவிட (30) குறையாது. முழு நாளின் எண்ணை (40) தாண்டாது. ஆகவே சுமார் 35.

ஒரு சிக்கல் உண்டு. சில செயலிகள் மணி எண்களில் பெரியதையே எடுத்து நாளின் எண்ணாகப் போட்டுவிடும். நாலைந்து நாள் பாருங்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், அந்த மேல் எல்லையை நம்ப முடியாது. உண்மையான வாய்ப்பு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இனி உங்கள் பணக் கணக்கு. ஷாமியானா வாடகை 5,000 என்றும், நனைந்தால் சாப்பாட்டிலும் மற்றதிலும் நஷ்டம் 30,000 என்றும் வைத்துக்கொள்வோம். 35% என்றால் சராசரி நஷ்டம் 10,500. போட்டுவிடுங்கள். நஷ்டம் 10,000தான் என்றால் 3,500. விட்டுவிடலாம், மழை வந்தால் கீழே இறங்கிக்கொள்ளலாம்.

முன்பணம் கொடுக்குமுன் வெள்ளிக்கிழமை இரவு ஒரு முறை, சனி மதியம் ஒரு முறை எண்ணைப் பாருங்கள். மாலை இடிமழை எந்தத் தெருவில் விழும் என்பது அன்று பிற்பகலில்தான் ஓரளவு தெளிவாகும். மூன்று மணிக்கு மேல் ரேடார் படத்தையும் பாருங்கள். இடி கேட்டால் ஷாமியானா இருந்தாலும் எல்லோரையும் மாடியிலிருந்து இறக்கிவிடுங்கள். துணிக்கூரை மின்னலைத் தடுக்காது.