பால் கசந்ததா, புளித்ததா?

கேள்வி: பால் பாக்கெட் வாங்கியதும் நேரே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். தேதி முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பால் புளிக்கவில்லை, ஆனால் கசக்கிறது. கடைக்காரர் என் ஃபிரிட்ஜைக் குறை சொல்கிறார். யார் பக்கம் தவறு?

பதில்: நாக்கில் பட்ட அந்தக் கசப்புதான் இங்கே முக்கியமான தடயம். பால் கெடுவதில் இரண்டு வழி உண்டு. வெளியே, சாதாரண அறைச் சூட்டில் கிடந்தால் அதைக் கெடுப்பவை மீசோஃபைல் பாக்டீரியா. மிதமான சூட்டை விரும்புகிறவை என்று பொருள். ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை அவற்றின் காலம். பாலில் இருக்கும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியா வகைகள் இந்தக் கூட்டத்தில்தான் வருகின்றன. அவை பாலின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும், அதனால் பால் புளிக்கும், திரியும்.

குளிரில் இவை சோர்ந்துவிடும். அந்த இடத்தைப் பிடிப்பவை சைக்ரோட்ரோஃப் என்னும் குளிர்தாங்கிகள். இவற்றுக்கும் உண்மையில் பிடித்தது 20, 30 டிகிரிதான். ஆனால் 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகும் திறமை இருக்கிறது. சூடோமோனாஸ் என்பது இவற்றில் பால்காரர்கள் அதிகம் பயப்படும் பெயர். அது சர்க்கரையை விட்டுவிட்டுப் புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கும். உடைந்த புரதத் துண்டுகள் கசக்கும், உடைந்த கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். ஆகவே பொதுவாகச் சொன்னால், புளித்த பால் எங்கோ சூட்டில் கிடந்த பால். புளிக்காமல் கசந்த பால் குளிரிலேயே கெட்ட பால்.

இதில் ஆலைக்கும் பங்கு இருக்கலாம். 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சும் பாஸ்சரைசேஷனில் சூடோமோனாஸ் செத்துவிடும். ஆனால் கறந்த பாலை அதற்கு முன்பே பல நாள் குளிர்த்தொட்டியில் போட்டு வைத்திருந்தால், அது சுரந்து வைத்த நொதிகள் அந்தச் சூட்டையும் தாண்டி நின்று பாலை உடைத்துக்கொண்டே இருக்கும். காய்ச்சிய பிறகு, பாக்கெட்டில் நிரப்பும் இடத்தில் புதிதாகத் தொற்றுவதும் உண்டு.

கடைக்காரருக்கு விடை சொல்லுமுன் உங்கள் ஃபிரிட்ஜை அளந்து பாருங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரை நடுத்தட்டில் வையுங்கள், அதில் ஒரு தெர்மாமீட்டரை நிறுத்துங்கள், இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் கதவைத் திறந்த கையோடு படியுங்கள். 4, 5 டிகிரிக்குள் இருந்தால் உங்கள் பக்கம் தவறில்லை. பாக்கெட்டை, தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த கேள்வியையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: புது ஃபிரிட்ஜில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கிறது. 4 டிகிரி நல்லது என்றார்கள், 4-இல் வைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: அந்த 4 டிகிரி அல்ல. அது வெறும் படி எண். பெரும்பாலான திருகுகளில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

இதை நான் சும்மா விடப்போவதில்லை. இதே மாதிரி ஒரு திருகை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய ஃபிரிட்ஜ். ஒரு வருஷம் 3-இல் வைத்திருந்தேன். மூன்றாம் நாளே பால் கசக்கும், நான் பால்காரரை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தண்ணீர் கிளாஸ் வைத்து அளந்தால் நடுத்தட்டில் 9 டிகிரி, கதவுத்தட்டில் அதற்கும் மேலே. நான் பால் வைத்ததோ கதவுத்தட்டில். மூன்று பால்காரர்களை அநியாயமாகக் குறை சொல்லியிருந்தேன்.

4-க்கும் 9-க்கும் இடையே அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடலாம். ஒரு மில்லிலிட்டர் பாலில் ஆயிரம் குளிர்தாங்கிகள் இருப்பதாக வையுங்கள். அது ஒரு கோடியை எட்டும்போது சுவை கெட்டுவிட்டது நாக்குக்கே தெரியும். ஆயிரம் ஒரு கோடி ஆக, பதின்மூன்று முறைக்குச் சற்று அதிகமாக இரட்டிக்க வேண்டும். நல்ல குளிரில் ஒரு முறை இரட்டிக்க 8 மணி நேரம் ஆகிறது என்று வைத்தால், நாலரை நாள் தாங்கும். குளிர் குறைந்து அதே வேலை 4 மணி நேரத்தில் நடந்தால் இரண்டேகால் நாளில் கதை முடிந்துவிடும். சில டிகிரிதான் வித்தியாசம், பாலின் ஆயுள் பாதி போய்விட்டது.

கசப்பாவது வாயில் வைத்ததும் தெரிகிறது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமியும் குளிர்தாங்கிதான். ஏறத்தாழ 0 டிகிரி வரைகூட மெல்லப் பெருகும், வாடையோ சுவையோ காட்டாது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் பெரிய ஆபத்து. ஒரு வீட்டின் உணவையெல்லாம் காக்க வேண்டிய இயந்திரத்தில், உள்ளே எத்தனை டிகிரி என்று காட்டும் ஒரு சின்ன மீட்டர்கூட இல்லாமல் விற்பதை நான் ஏற்கவே மாட்டேன். மீட்டர் இல்லாத மாதிரியைத்தான் வாங்கமுடியும் என்றால், கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள். பாலைக் கதவில் வைக்காதீர்கள்.

கேள்வி: "எங்கள் ஃபிரிட்ஜின் குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும்" என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பதில்: இல்லை. குளிர் அவற்றை மந்தமாக்கும். ஃப்ரீசர் பெரும்பாலானவற்றைத் தூங்க வைக்கும். வெளியே எடுத்தால் விழித்துக்கொள்ளும்.

கேள்வி: ஃபிரிட்ஜில் வளரும் "சைக்ரோஃபைல்" கிருமிகளை அழிக்கும் ஸ்ப்ரே என்று வீட்டுக்கே வந்து விற்றார்கள். அம்மா மூன்று பாட்டில் வாங்கிவிட்டார். பயன்படுத்தலாமா?

பதில்: அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அறிவியல் சொல் ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினால் யார்தான் வாங்கமாட்டார்கள்? விற்றவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

சைக்ரோஃபைல் என்பவை உண்மையான குளிர்விரும்பிகள். 15 டிகிரிக்குக் கீழேதான் அவற்றுக்குச் சுகம். ஏறத்தாழ 20 டிகிரியைத் தாண்டினால் வளரவே முடியாது. துருவப் பனி, ஆழ்கடல் போல என்றைக்கும் சூடேறாத இடங்களில் வாழ்பவை அவை. கடையிலிருந்து பையில் வரும் காய்கறியில் வழியிலேயே ஓய்ந்துவிடும். உங்கள் ஃபிரிட்ஜில் இருப்பவை நான் மேலே சொன்ன குளிர்தாங்கிகள். அவை வேறு ரகம். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் உலர விட்டாலே போதும். பிரிக்காத பாட்டில்களைத் திருப்பிக் கொடுங்கள், வாங்க மறுத்தால் நுகர்வோர் புகார் எழுதுங்கள். பாட்டிலில் அச்சிட்ட வாசகமே உங்கள் சாட்சி.

கேள்வி: தயிர் உறைய வைக்க வாங்கிய கல்ச்சர் பொடிப் பாக்கெட்டில் "தெர்மோஃபிலிக்" என்று போட்டிருந்தது. வெப்பம் விரும்பும் என்று 60 டிகிரியில் வைத்தேன். பால் பாலாகவே இருக்கிறது. பொடி போலியா?

பதில்: பொடி போலி இல்லை, அதை நீங்கள் கொன்றுவிட்டீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எத்தனை டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் முன்பக்கத்து ஒரு சொல்லைப் பார்த்துச் சூட்டை முடிவு செய்துவிட்டு விற்றவரைச் சந்தேகிப்பது நியாயமில்லை.

தயிர் பாக்டீரியாவைத் தெர்மோஃபிலிக் என்பது பால் தொழிலில் இருப்பவர்களின் வழக்கு. பாலாடைக்கட்டிக்கு 20, 30 டிகிரியில் வேலை செய்யும் கல்ச்சர்களிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக அப்படிச் சொல்கிறார்கள். தயிருக்கு 42, 43 டிகிரி போதும். நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். 50-ஐத் தாண்டினால் தடுமாறும், 60-இல் மிஞ்சாது. உண்மையான வெப்பவிரும்பிகள் அந்த 60-இல் உற்சாகமாகப் பெருகுபவை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் கண்டெடுத்து 1969-இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸுக்கு 70 டிகிரிதான் வசதி.

தயிர் இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வாங்கிய ஒன்றில் சூட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பே இல்லை. இரண்டு மணி நேரத்தில் கிண்ணத்துப் பால் 52 டிகிரிக்குப் போனது. வாங்குமுன் டிகிரியைக் குறித்துவைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: டின்னில் அடைத்த பட்டாணி. வாங்கிய மறுநாள் திறந்தேன். டின் உப்பவில்லை, ஆனால் உள்ளே கடும் புளிப்பு. "உப்பாத டின் கெடாது" என்று பணம் தர மறுக்கிறார்கள். கடையில் டின்களை வெயில் படும் கண்ணாடி ஓரம் அடுக்கியிருந்தார்கள்.

பதில்: நீங்கள் பார்த்ததற்குத் தொழிலிலேயே பெயர் இருக்கிறது: ஃப்ளாட் சவர், அதாவது உப்பாத புளிப்பு. செய்வது ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற தெர்மோஃபைல். அமிலம் மட்டும் உண்டாக்கும், வாயு உண்டாக்காது. அதனால் டின் தட்டையாகவே இருக்கும்.

இதன் வித்துகள், அதாவது கடும் சூட்டைத் தாங்க அது எடுக்கும் உறங்கும் வடிவம், மிகவும் கெட்டி. மருத்துவமனையில் கருவிகளை நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவே இந்த வித்துகளைத்தான் வைக்கிறார்கள். ஆலையில் டின்னைச் சூடாக்கும்போது சில தப்பிவிடலாம். பாதுகாப்பான சூட்டில் வைத்தவரை அதனால் தொந்தரவில்லை, ஏனென்றால் ஏறத்தாழ 40 டிகிரிக்குக் கீழே அது முளைத்து வளர முடியாது. டின் நீண்ட நேரம் அதற்கு மேல் சூடாக இருந்தால்தான் புளிக்கும். ஒரு நாள் உங்கள் அலமாரியில் இருந்ததால் இது வந்திருக்க வழியில்லை. வெயில் ஓரத்து அடுக்கு காரணமாக இருக்கலாம், அல்லது ஆலையில் சூடாக்கிய பிறகு டின்களைச் சரியாக ஆறவிடாமல் சூட்டோடு அடுக்கியிருக்கலாம். இரண்டுமே உங்கள் தவறு அல்ல.

கடையை விட்டுவிட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். தொகுதி எண், வாங்கிய ரசீது, அந்த அடுக்கின் படம், மூன்றையும் அனுப்புங்கள். அதே தொகுதியின் திறக்காத டின்களை 55 டிகிரியில் ஐந்து முதல் ஏழு நாள் வைத்து, திறந்து அமிலத்தன்மையை அளந்து பாருங்கள் என்று கேளுங்கள். அது அவர்களுக்குப் பழக்கமான சோதனை. புளித்த டின்னை ருசி பார்த்து உறுதிப்படுத்த வேண்டாம். புளிப்புக்கு வேறு காரணம் இருந்தால் ஆபத்து.

கேள்வி: மின்சாரம் மிச்சமாகும் என்று தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டரை 40 டிகிரியிலேயே விட்டிருக்கிறேன். நல்லதுதானே?

பதில்: இல்லை. லீஜியனெல்லா என்ற மீசோஃபைலுக்கு 25 முதல் 45 டிகிரி வரை வசதியான சூடு. 40-இல் தேங்கிய தண்ணீர் அதற்குத் தொட்டில். ஷவரின் நீர்த்துளியோடு நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. தொட்டியை 60-இல் வையுங்கள். குளிக்கும் குழாயில் தண்ணீர் கலக்கும் வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருகுங்கள். 60 டிகிரி தண்ணீர் குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் வெந்துபோகச் செய்யும்.