தாத்தா பாட்டி போட்டோவில் பொங்கல் வாழ்த்து: பின்னணி மாற்றும்போது எங்கே சொதப்புகிறது?

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து நிற்கும் போட்டோவை வைத்துக் குடும்ப குரூப்புக்குப் பொங்கல் வாழ்த்து செய்தேன். பின்னணியை மாற்றி, கரும்பு, பானை, கோலமெல்லாம் வைத்தேன். ஆனால் வெட்டி ஒட்டியது மாதிரியே இருக்கிறது. அனுப்பினால் எழுத்தும் மங்கிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்:

எங்கள் குடும்ப குரூப்புக்கு நாலு வருஷமாக நான்தான் இந்த வேலையைச் செய்கிறேன். முதல் வருஷம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி, சுற்றிலும் சாமந்தி மாலை வைத்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே அவர் பெயர், பெயருக்குக் கீழே பொங்கல் தேதி. அனுப்பி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, சித்தப்பா போன் செய்துவிட்டார்: "டேய், அப்பாவுக்கு என்னடா ஆச்சு?" நான் செய்து வைத்திருந்தது அச்சு அசல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தாத்தா மட்டும் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, எடுத்து வை, பின்னாடி ஆகும்" என்றார்.

அதனால் அலங்காரத்தில் என் முதல் விதி: வயதானவர்கள் படத்தைச் சுற்றி மாலை போடாதீர்கள், பெயருக்குக் கீழே தேதி போடாதீர்கள். மேலே குறுக்காக மாவிலைத் தோரணம் கட்டலாம், அது வாசல்படியை நினைவுபடுத்தும். அதே பூவையும் இலையையும் முகத்தைச் சுற்றி வளைத்தால் அர்த்தமே மாறிவிடுகிறது.

இனி உங்கள் பிரச்சினை. நான் கணினியில் GIMP என்ற படத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேன், இலவசம். போன் செயலியில் செய்தாலும் காரணங்கள் இவைதான், மெனுதான் வேறு.

வெட்டி ஒட்டியது போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் பின்னணியைத் தேர்ந்தெடுப்பதிலேயே இருக்கிறது. எங்கள் படம் வெளிர்பச்சைச் சுண்ணாம்புச் சுவர் முன்னால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது. நான் முதலில் வைத்த பின்னணி சூரியன் உதிக்கும் வயல்காடு, எல்லாமே கருஞ்சிவப்பு. பாட்டியின் நரைமுடி ஓரத்தில் சுவரின் பச்சை ஒரு கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டுப் பின்னணியில் அது ஒளிவட்டம் மாதிரி தெரிந்தது. முடி ஓரத்தில் ஒவ்வொரு பிக்சல் புள்ளியிலும் கொஞ்சம் முடியும் கொஞ்சம் சுவரும் கலந்துதான் இருக்கும். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்தக் கலப்பு போகாது. ஆகவே பழைய சுவர் வெளிறியதாக இருந்தால் புதுப் பின்னணியும் வெளிறியதாக இருக்கட்டும். இரண்டாவது முறை எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையையும் வெள்ளைச் சுவரையும் நானே போனில் எடுத்து வைத்தேன். முடிப் பிரச்சினையில் முக்கால்வாசி அப்போதே தீர்ந்தது.

திண்ணையை எடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தாத்தா பாட்டி படத்தைக் கேமராவை நெஞ்சு உயரத்தில் பிடித்து எடுத்திருந்தோம். பின்னணியையும் அதே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். மாடியிலிருந்து எடுத்த முற்றத்தில் நேராக எடுத்த ஆளை நிறுத்தினால், தரை ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகச் சாய்ந்த மாதிரி இருக்கும். வெயில் நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். ட்யூப்லைட்டில் நின்றவர் முகத்தில் நிழல் விழாது, பின்னணியில் தூணின் நிழல் மட்டும் நீளமாக விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிழலான இடமாகப் பாருங்கள்.

வெட்டுவதற்கு நான் Paths கருவியால் உருவத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து வருகிறேன். முடித்து Enter தட்டினால் அது தேர்வாகிவிடும். பிறகு Select மெனுவில் Shrink 1 பிக்சல், Feather 2 பிக்சல். அதற்குப் பின் அந்த அடுக்கில் Add Layer Mask கொடுத்து Selection என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவரை அழித்துவிடாதீர்கள். மாஸ்க்கில் மறைத்தால், பாட்டியின் காதுத் தோடு வெட்டுப்பட்டுப் போனது பிறகு தெரிந்தாலும் வெள்ளைத் தூரிகையால் தடவித் திரும்பக் கொண்டுவரலாம். மீதமிருக்கும் பச்சைக் கோட்டுக்கு ஒரு வழி உண்டு. மாஸ்க்கை விட்டுப் படத்தின் மேல் வந்து, தூரிகையின் Mode-ஐ HSL Color என்று மாற்றி, முடியிலிருந்தே எடுத்த சாம்பல் நிறத்தால் ஓரத்தில் மட்டும் லேசாகத் தடவுங்கள். பச்சை போய்விடும், முடியின் வெளிச்சமும் இருட்டும் அப்படியே இருக்கும்.

நிறத்தை ஒத்துப்போக வைக்க எனக்குத் தெரிந்த சுலபமான அளவுகோல் தாத்தாவின் வேட்டிதான். வேட்டியின் வெள்ளையையும் பின்னணிச் சுவரின் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். எங்கள் படத்தில் வேட்டி நீலம் பாய்ந்தும் சுவர் லேசாக மஞ்சளாகவும் இருந்தன. ஆள் இருக்கும் அடுக்கில் மட்டும் Colors மெனுவின் Color Temperature-ஐ நகர்த்தி, இரண்டும் ஒரே வீட்டு வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினேன். முகத்தைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள், கண் ஏமாந்துவிடும்.

அடுத்தது கால். கால் தரையில் படும் இடத்தில் நிழல் இல்லையென்றால் ஆள் மிதப்பார். நிழல் வரையலாம், ஆனால் நம்பும்படி வரைவது கஷ்டம். கோலத்தையும் மேலிருந்து எடுத்த வட்டமாக அப்படியே காலடியில் வைத்தால் அது தட்டு மாதிரி நிமிர்ந்து நிற்கும். Perspective கருவியால் மேல்விளிம்பைக் குறுக்கி, உயரத்தை அழுத்திப் படுக்கவைக்க வேண்டும். நான் இதில் இரண்டு இரவு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் முழங்காலுக்குக் கீழே படத்தையே முடித்துவிட்டேன். வெட்டின இடத்துக்கு முன்னால் பொங்கல் பானை, பக்கத்தில் இரண்டு மஞ்சள் கொத்து, அவ்வளவுதான். முன்னால் ஒரு பொருள் இருப்பதால் தாத்தா பாட்டி அதற்குப் பின்னால் நிற்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் பானை, கரும்பு எல்லாவற்றையும் எங்கே எதை மறைக்க வேண்டும் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாட்டியின் தோள் ஓரம் சரியாக வரவில்லையா, கரும்பை அங்கே நிறுத்துங்கள். நாலைந்து பொருளுக்கு மேல் போனால் மளிகைக் கடை காலண்டர் ஆகிவிடும். (பாட்டிக்கு இதில் மனக்குறை உண்டு. "புதுக் கொலுசு போட்டிருந்தேன், காலையே காணோமே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.)

எழுத்து மங்குவது வேறு கதை. செய்தி அனுப்பும் செயலி படத்தைச் சுருக்கி, JPEG-ஆக மறுபடி அழுத்தித்தான் அனுப்பும். எங்கள் குரூப்பில் சாதாரணமாக வந்த படங்களை இறக்கிப் பார்த்தேன், நீளப் பக்கம் 1600 புள்ளியைத் தாண்டவில்லை. அதனால் ஆரம்பத்திலேயே 1280 அகலம், 1600 உயரம் என்று தாளை அமைத்துக்கொள்கிறேன். சுருக்கும் வேலையை நானே என் கண் முன்னால் செய்துவிடுவதால், மங்குகிறதா என்பது எனக்கே தெரிந்துவிடுகிறது. மூலப் போட்டோவையும் குரூப்பிலிருந்து எடுக்காதீர்கள், எடுத்தவர் போனிலிருந்து வாங்குங்கள். ஏற்கெனவே ஒருமுறை அழுத்தப்பட்ட படத்தில் உருவத்தின் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், வெட்டும்போது உயிர் போகும்.

அளவு சரியாக இருந்தும் எழுத்து மங்கினால் நிறத்தைச் சந்தேகப்படுங்கள். JPEG பொதுவாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை அதில் பாதி நுணுக்கத்தோடும் சேமிக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறம் மட்டும் வேறாக, வெளிச்சம் ஒன்றாக இருந்தால் ஓரங்கள் கரைந்துவிடும். நமக்குப் பிடித்த சேர்க்கை எது? வாழையிலைப் பச்சையின் மேல் குங்குமச் சிவப்பு. சுத்தச் சிவப்பின் வெளிச்ச அளவு 255க்கு 76. கரும்பச்சை (0, 128, 0) எடுத்தால் 75. கண்ணுக்குப் பளிச்சென்று எதிரெதிராகத் தெரியும் இரண்டு நிறமும் வெளிச்சக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றேதான். சோதித்துப் பார்க்க Image மெனுவில் Flatten Image கொடுத்து, பிறகு Colors மெனுவின் Components-இல் Extract Component எடுத்து, Y'CbCr Y' என்பதைத் தேர்ந்தெடுத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" காணாமல் போனால் நிறம் தப்பு. இரண்டு முறை Undo செய்துவிட்டு, எழுத்தை வெளிர்மஞ்சளாக மாற்றுங்கள், அல்லது சிவப்பை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் மஞ்சள் பட்டை ஒன்றை இடுங்கள். மஞ்சளின் வெளிச்ச அளவு 226, சிவப்பு அதன் மேல் கல்லில் வெட்டியதுபோல் நிற்கும்.

எழுத்தின் அளவையும் நம் கணினித் திரையில் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. குரூப்பில் படத்தைத் திறக்காமல் பார்க்கும்போது அது சுமார் 5 செ.மீ. அகலம்தான். 1280 புள்ளியும் அதற்குள் அடங்க வேண்டும். 60 பிக்சல் அளவில் எழுதினால் 2 மி.மீ. சொச்சம் வரும், மேலும் கீழும் விடும் இடத்தைக் கழித்தால் எழுத்து அதிலும் சிறியது. எங்கள் பெரியம்மா எந்தப் படத்தையும் திறந்து பெரிதாக்கிப் பார்க்க மாட்டார். அதனால் வாழ்த்து 130க்குக் குறையாமல், பெயர்கள் 90. மூன்று வரிக்கு மேல் எழுதினால் இடம் பத்தாது, எழுதவும் வேண்டாம்.

எழுத்துரு மாற்றியும் எழுத்து மாறவே இல்லை என்றால், அந்த எழுத்துருவில் தமிழ் கிடையாது, கணினி தன்னிடம் இருக்கும் வேறொன்றைப் போட்டுக்கொள்கிறது என்று அர்த்தம். Catamaran, Mukta Malar, Baloo Thambi, Kavivanar ஆகியவற்றில் தமிழ் உண்டு, இலவசமும்கூட. வாழ்த்துக்கு Baloo Thambi-யின் தடித்த எழுத்து எனக்குப் பிடிக்கும், அழுத்தினாலும் கோடுகள் தேயாது. போன் செயலியில் செய்பவர்கள் "பொ" சரியாக வருகிறதா என்று பாருங்கள். சில பழைய செயலிகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டத்தோடு நிற்கும். அப்படி வந்தால் செயலியைத்தான் மாற்ற வேண்டும்.

முடித்ததும், அடுக்குகளை அப்படியே வைத்திருக்கும் XCF-ஆக ஒரு பிரதி சேமித்துவிட்டு, Export As கொடுத்து JPEG, தரம் 90. PNG வேண்டாம். எங்காவது பின்னணி நிரப்பாமல் ஒளிபுகும் இடம் விட்டுப்போயிருந்தால், போகிற வழியில் JPEG ஆகும்போது அது கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறிவிடும். குரூப்பில் போடும் முன் வீட்டில் யாராவது ஒருவர் போனுக்கு மட்டும் அனுப்பி, அவர் போனில் வாங்கிப் பாருங்கள். நான் பெரியம்மா பையனுக்குப் போகி அன்று ராத்திரியே அனுப்பிவிடுவேன். அவன் போன்தான் எங்கள் வீட்டிலேயே பழசு, திரையில் விரிசலும் உண்டு. அதில் வாசிக்க முடிந்தால் காலையில் குரூப்பில் போடுவேன்.