எஸ்.ஓ.சி. இன்டர்வியூ: கதை எங்கே உடையும்?

நான் சத்துவாச்சாரி. சென்னையில எஸ்.ஓ.சி.யில, அதாவது கம்பெனி கம்ப்யூட்டர்களை ஹேக்கர்கிட்டேர்ந்து காவல் காக்கிற பிரிவுல, ஷிப்ட் வேலை, ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கிற பக்கமும் உட்காருவேன். இந்த வாரம் வீட்டுல இருக்கேன், கேளுங்க.

காட்பாடி தம்பி: அக்கா, யாரோ பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சுப் பார்க்கிறாங்கன்னு புரூட் ஃபோர்ஸ் அலர்ட் வந்தா என்ன செய்வேன்னு கேட்டாங்க. ஐபியை பிளாக் பண்ணுவேன்னேன். மூஞ்சியே மாறிடுச்சு.

அந்த ஐபி உங்க ஆபீஸ் சர்வரோடதா இருந்தா? பிளாக் பண்ணின அஞ்சாவது நிமிஷம் பில்லிங் நிக்கும். அதுவும் இல்லாம, பல இடத்துல முதல் நிலை ஆளுக்கு பிளாக் பண்ற அதிகாரமே கிடையாது. அவங்க எதிர்பார்க்கிறது நீங்க எதைப் பார்ப்பீங்கன்னுதான். விண்டோஸ் லாக்ல 4625, அதாவது லாகின் ஃபெயில், வரிசையா விழுதா, ஒரே யூசரா இல்ல நூறு யூசரா, எந்த மெஷின்லேர்ந்து வருது. முக்கியமா, அதே இடத்துலேர்ந்து அப்புறம் லாகின் ஜெயிச்சதுன்னு ஒரு 4624 விழுந்திருக்கா. விழுந்திருந்தா ஆள் உள்ளே வந்துட்டான். அங்கேர்ந்து கேஸே வேற.

ராணிப்பேட்டை: மேடம், ஷூ கம்பெனியில 2 வருஷம் ஹெல்ப் டெஸ்க். எஸ்.ஓ.சி. அனுபவம் இல்ல. கன்சல்டன்சியில ஒரு பிராஜெக்ட் எழுதிக் கொடுத்தாங்க, அதைச் சொல்லலாமா? என் சொந்தக் கதைன்னா ஒண்ணுதான் இருக்கு: லாகின் ஃபெயில் ஆகிட்டே இருந்துச்சு, யாரோ ஹேக் பண்றாங்கன்னு ஆபீஸே பயந்துச்சு. கடைசியில பேக்கப் டாஸ்க்ல பழைய பாஸ்வேர்ட்.

அந்தப் பிராஜெக்டை விட்டுடுங்க. அதே பத்தியை ஒரே வாரத்துல மூணு பேர் ரெஸ்யூம்ல பார்த்திருக்கேன். "அந்த அலர்ட் எத்தனை மணிக்கு வந்துச்சு?"ன்னு கேட்டா மூணு பேரும் மேலே ஃபேனைப் பார்த்தாங்க.

உங்க பேக்கப் கதையை இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போங்க. ஆனா "கடைசியில"ன்னு தாண்டிட்டீங்களே, வேலை நடந்ததே அங்கேதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

ராணிப்பேட்டை: சரியா 15 நிமிஷத்துக்கு ஒண்ணு விழுந்துச்சு மேடம். ஒரே யூசர். Logon Type 4-ன்னு இருந்துச்சு. முந்தின நாள்தான் அந்த அக்கவுன்ட் பாஸ்வேர்ட் மாத்தினோம்.

பாருங்க, இது போதும். 4-ன்னா ஷெட்யூல் பண்ணின வேலை. கீபோர்டுல யாரும் அடிக்கல. அந்த 4625-க்குள்ள Sub Status `0xC000006A` இருந்திருக்கும்: யூசர் பேர் சரி, பாஸ்வேர்ட் தப்பு. பேரைக் குத்துமதிப்பா அடிக்கிறவன்கிட்ட `0xC0000064` நிறைய வரும், அப்படி ஒரு யூசரே இல்லன்னு அர்த்தம். இந்தக் கோடு நீங்க அன்னிக்குப் பார்க்கலன்னா, "அப்போ பார்க்கல, இப்போ பார்ப்பேன்"னு சொல்லுங்க. பார்த்த மாதிரி சொல்லாதீங்க. "15 நிமிஷ இடைவெளி ஒண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னு அடுத்த கேள்வி வரும், ஏன்னா ஸ்கிரிப்டும் அதே மாதிரி சீரா அடிக்கும். பாஸ்வேர்ட் மாத்தின நேரத்தையும், டாஸ்க்ல புதுசைப் போட்டதும் ஃபெயில் நின்னதையும் சேர்த்துச் சொன்னா கதை நிக்கும்.

குடியாத்தம்: தூரத்துலேர்ந்து மெஷினைத் திறக்கிற ஆர்.டி.பி. வழியா அட்டாக்னா Logon Type 10 ஃபில்டர் போட்டா போதும். இதுக்கு ஏன் இவ்வளவு?

பாதி சரி. உள்ளே வந்தவனுக்கு 10 விழும். ஆனா ஆர்.டி.பி.யில என்.எல்.ஏ. செட்டிங் ஆன்ல இருந்தா திரை வர்றதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். அதனால தோத்துப்போன முயற்சி பெரும்பாலும் 3-ஆ, நெட்வொர்க் லாகின்னு, பதிவாகும். 4625-ல 10 மட்டும் தேடினா வெறும் பக்கம் வரும், நீங்க "சுத்தம்"னு மூடிடுவீங்க.

ஆம்பூர்: உங்க தப்பு ஒண்ணு சொல்லுங்கன்னாங்க. "எல்லாத்தையும் பர்ஃபெக்டா செய்யணும்னு நினைப்பேன், அதான் என் குறை"ன்னேன். சரிதானே அக்கா?

அது குறை கேட்டா சொல்றது, அதுவும் புளிச்ச மாவு. கேட்டது நடந்த ஒரு தப்பை. என்னோடது: விடிகாலை 4 மணி, ஒரே பேர்ல 40 அலர்ட். நாலைஞ்சு திறந்து பார்த்தேன், மெஷின்கள்ல ஓட்டை தேடற எங்க ஸ்கேனர்தான், மொத்தமா மூடிட்டேன். அதுல ஒண்ணு மட்டும் வேற மெஷின்லேர்ந்து வந்திருந்துச்சு. காலை ஷிப்ட் ஆள் பிடிச்சார். பெரிசா ஒண்ணும் ஆகல. அது என் புண்ணியம் இல்ல. அன்னிலேர்ந்து மூடறதுக்கு முன்னாடி சோர்ஸ் மெஷின்படி பிரிச்சுப் பார்க்கிறேன். இதை இன்டர்வியூல சொல்லித்தான் இப்போ இருக்கிற வேலை கிடைச்சுது.

ஆரணி: சொல்ல நல்லாத்தான் இருக்கு. "தெரியாது"ன்னு நேர்மையா சொன்னேன், ரெண்டு இடத்துல வெளியே அனுப்பிட்டாங்க.

அனுப்புவாங்க, இல்லன்னு சொல்லமாட்டேன். முதல் ரவுண்டுல லிஸ்ட் வச்சு டிக் அடிக்கிறவர் உட்கார்ந்திருந்தா "தெரியாது"க்குப் பக்கத்துல கட்டம் இருக்காது. "தெரியாது, ஆனா இந்த லாக்ல தேட ஆரம்பிப்பேன்"னு ஒரு வரி சேர்த்துப் பாருங்க. அதுக்கும் அனுப்பினா என்கிட்ட மருந்து இல்ல. எந்தக் கேள்விக்கு அப்படிச் சொன்னீங்க, அதை எழுதுங்க. ராத்திரி வந்து பார்க்கிறேன்.