கோயிலும் கோவிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். அம்மன் கொடைக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தோம். பிழை பார்த்த தமிழாசிரியர் ‘கோயில்’ என்று இருந்ததை எல்லாம் ‘கோவில்’ ஆக்கிவிட்டார். ‘உடம்படுமெய் விதிப்படி அதுதான் சரி’ என்கிறார். அதோடு ‘சில இடங்களில்’ என்பதைச் ‘சிலவிடங்களில்’ என்றும், ‘விழா அழைப்பு’ என்பதை ‘விழாவழைப்பு’ என்றும் ஒட்டிவிட்டார். ஆனால் நன்கொடைப் பட்டியலில் இருந்த ‘வாசுவை’ என்பதை மட்டும் ‘வாசை’ என்று திருத்தியதை வாசு அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. இதில் எது விதி, எது வீம்பு?

சு.

அன்புள்ள சு.,

வாசு அண்ணாச்சி பக்கம்தான் நியாயம். அதைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் கோயிலுக்குப் போவோம்.

ஆசிரியர் கையில் வைத்திருப்பது நன்னூல் சூத்திரம். ‘இ ஈ ஐ வழி யவ்வும், ஏனை உயிர்வழி வவ்வும், ஏ முன் இவ்விருமையும்’ என்று போகும். முன்சொல் இ, ஈ, ஐ என்று முடிந்து, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இரண்டையும் இணைக்க நடுவில் உடம்படுமெய்யாக ய் வரும்: மணியடித்தது, தீயணைப்பு, பனையோலை. மற்ற உயிர்களில் முடிந்தால் வ்: பூவரசு, பலாவிலை, திருவாரூர். ஏ என்று முடிந்தால் இரண்டில் எதுவும் வரலாம். இந்தக் கணக்கில் கோ + இல் என்பதில் ஓ ‘ஏனை உயிர்’. ஆகவே கோவில். ஆசிரியர் சொன்னது தப்பில்லை.

ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது என்று வாயை வைத்தே பார்க்கலாம். ‘மணி’ என்று சொல்லி, இகரத்தை விடாமல் அப்படியே ‘அடி’க்குப் போய்ப் பாருங்கள். இகரம் சொல்லும்போது நாக்கின் முன்பகுதி மேலே அண்ணத்தை ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து அகரத்துக்கு இறங்குகிற வழியில் ய் தானாகவே கேட்கும், நாம் சேர்க்க வேண்டியதே இல்லை. ‘திரு’ என்று சொல்லி ‘ஆரூர்’ போனால் குவிந்த உதடு விரிகிற வழியில் வ் கேட்கும். ஆக, இகரத்துக்குப் பின் ய், உகரத்துக்குப் பின் வ் என்பது வாய் தானே செய்வது.

சிக்கல் அ, ஆ விஷயத்தில். அங்கே நாக்கும் மேலே இல்லை, உதடும் குவியவில்லை, வாய் சும்மா திறந்திருக்கிறது. ய், வ் இரண்டுக்கும் அது சமதூரம். தமிழ் வ் பக்கம் போயிற்று: அம்மாவை, சினிமாவில். மலையாளம் ய் பக்கம் போயிற்று. அவர்கள் ‘அம்மயெ’, ‘சினிமயில்’ என்பார்கள். உங்கள் ஊரிலிருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போனால் போதும், சினிமாவுக்குள் இருந்த வ் ய் ஆகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் இலக்கணம் செய்வது, அந்த மொழிக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று எழுதி வைப்பதுதான்.

நன்னூலின் இந்தச் சூத்திரம் முன்சொல்லின் கடைசி உயிரை மட்டுமே பார்க்கிறது. பின்னால் வருகிற உயிர் எது என்று கேட்பதில்லை. ஆனால் நம் பழைய சொற்களைக் கவனித்தால் பின்னால் வருவதும் கொஞ்சம் இழுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சே + அடி என்றால் சேவடி. அதே சே, இழையோடு சேர்ந்தால் சேயிழை. அகரம் வந்தபோது வ், இகரம் வந்தபோது ய். மா + இரு என்பது சங்கப் பாட்டுகளில் ‘மாயிரு’ என்று வரும். விதிப்படி பார்த்தால் ‘மாவிரு’ என்றல்லவா இருக்க வேண்டும்? அ + இடை என்பது சுட்டு நீண்டு ‘ஆயிடை’ ஆகிறது. இதை நன்னூலே அடுத்த சூத்திரத்தில் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறது. ய் வந்த எல்லாவற்றிலும் பின்னால் நிற்பது இகரம். இந்த வரிசையில் கோ + இல் என்பதை வைத்துப் பாருங்கள். ஓகாரம் வ் பக்கம் இழுக்கிறது, இகரம் ய் பக்கம் இழுக்கிறது. இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது இரண்டு வடிவமும் பிழைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. (இதையே புது விதியாக்கிவிடாதீர்கள். பலாவிலையிலும் மாவிலையிலும் பின்னால் இகரம்தான், ஆனால் வ் அசையவில்லை.)

கோயில் நேற்றைக்கு வந்த பேச்சுவழக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவைக்குள் நுழைகிற இடத்தில் ‘வாயில் வந்து கோயில் காட்ட’ என்று வருகிறது. அங்கே கோயில் என்றால் அரண்மனை, கோவின் இல். பக்கத்திலேயே வாயில் நிற்பதையும் பாருங்கள். ஓசையில் இரண்டும் ஒன்று, ஆனால் வாயிலில் இருக்கிற ய் உடம்படுமெய் இல்லை. அது ‘வாய்’ என்ற சொல்லின் சொந்த எழுத்து. கோயிலில் இருக்கிற ய் இடையில் வந்து சேர்ந்தது. திருமந்திரத்திலும் ‘உள்ளம் பெருங்கோயில்’தான். வைணவர்கள் திருவரங்கத்தையும் சைவர்கள் சிதம்பரத்தையும் பெயர் சொல்லாமல் ‘கோயில்’ என்றே குறிப்பார்கள்.

உங்கள் ஊர் முகவரியிலேயே இரண்டும் இருக்கின்றன. அறநிலையத் துறை ‘திருக்கோயில்’ என்று எழுதும், ஊர்ப்பெயர் ‘சங்கரன்கோவில்’. பக்கத்தில் கோவில்பட்டி. அதைக் ‘கோயில்பட்டி’ என்று எழுதினால் வேறு ஏதோ ஊர் போல இருக்கும். ஊர்ப்பெயரை அந்த ஊரார் எழுதுகிறபடி விட்டுவிட்டு, மற்ற இடங்களில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நோட்டீஸில் மேலே கோயில், கீழே கோவில் என்று இருந்தால்தான் கண்ணை உறுத்தும்.

சரி, ‘சிலவிடங்களில்’. இதைப் படித்ததும் எனக்குச் சில பாட்டில் விஷம்தான் ஞாபகம் வந்தது. சில விடங்கள்! ‘விழாவழைப்பு’ம் அப்படித்தான். ‘வழைப்பு’ என்றால் என்ன என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்ப வந்து பிரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒட்டவேண்டிய கட்டாயம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வேற்றுமை உருபோ, உம், ஏ, ஆ போன்ற இடைச்சொல்லோ வந்து சேரும்போது தப்பிக்க வழியே இல்லை. மதுரையில், விழாவை, தெருவும், இங்கேயே. இவற்றை யாரும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே பிரித்து எழுதவும் கூடாது. சில கம்பெனிகளிலிருந்து ‘மதுரைஇல்’ என்று குறுஞ்செய்தி வருகிறதே, அது ஊர்ப்பெயரையும் ‘இல்’லையும் தனித்தனியாக வைத்திருந்து இயந்திரம் ஒட்டியது. அது பிழைதான்.

இரண்டு சொல் சேர்ந்து ஒரு பொருளுக்குப் பெயரானால் அப்போதும் ஒட்டத்தான் வேண்டும்: பூவரசு, தீயணைப்பு, தெருவோரம். பஸ்ஸில் ‘திருவண்ணாமலை’ என்று இருந்தால் ஊர். மேடையில் ‘திரு அண்ணாமலை அவர்கள்’ என்றால் ஆள். எழுத்து அதேதான், நடுவில் ஒரு மூச்சு விடுகிறோம். அந்த மூச்சு விழுந்தால் வ் வருவதற்கு வேலை இல்லை.

மற்றபடி தனித்தனிச் சொற்களாக நிற்கிறவற்றை, ‘சில இடங்களில்’, ‘வந்த ஊர்’, ‘விழா அழைப்பு’ போல, இன்றைய உரைநடையில் பிரித்தே விடலாம். செய்யுளில் சீர் கணக்குக்காக ஒட்டினார்கள், நமக்கு அந்தக் கணக்கு இல்லை. தொல்காப்பியர் இந்த விஷயத்தில் ரொம்ப நிதானம். உயிர் வருமிடத்தில் ‘உடம்படு மெய்யின் உருபுகொளல் வரையார்’ என்கிறார். கொள்வதை விலக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கொண்டே தீரவேண்டும் என்று அந்த வரியில் இல்லை, ய், வ் என்று எழுத்துகளின் பெயர்கூட இல்லை. அவற்றை வகுத்து அடுக்கியது நன்னூல் எழுதிய 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார்.

இனி வாசு. ஆசிரியர் எப்படி யோசித்திருப்பார் என்று தெரிகிறது. காசு + ஐ = காசை. ‘காசுவை’ என்று யாரும் சொல்வதில்லை. காரணம், அங்கே கடைசியில் இருப்பது குற்றியலுகரம். தனிக் குறில் அல்லாததன் பின், கு சு டு து பு று என்ற வல்லினத்தின் மேல் ஏறி வருகிற, பாதியாய்த் தேய்ந்த உகரம். அடுத்து உயிர் வந்தால் அது மெய்யை விட்டு ஓடிவிடும், அப்புறம் உடம்படுமெய் ஒட்டுவதற்கு அங்கே உயிரே இருக்காது. பாட்டை, நாட்டில், காசால் எல்லாம் இப்படித்தான். வாசுவும் எழுத்தில் காசு மாதிரியே இருக்கிறது. ஆகவே வாசை என்று திருத்திவிட்டார்.

ஆனால் காதால் கேளுங்கள். ‘காசு கொடு’ என்னும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவிவதே இல்லை. ‘வாசு’ என்று ஒருவரைக் கூப்பிடும்போது உதடு முழுசாகக் குவிகிறது. வாசு, ராமு, பாபு போன்ற ஆட்பெயர்களில் அந்த உகரம் தேயவில்லை, ‘பசு’வில் இருப்பதுபோல முழுதாக நிற்கிறது. பசுவை என்கிறோமே, அதுபோல வாசுவை, பாபுவும், ராமுவிடம். பெயரைத் தேய்த்து ‘பாபை’ என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

முழு உகரம் என்பதாலேயே எப்போதும் வ் வரும் என்றும் இல்லை. ‘கதவு’ என்பதில் இருப்பது முற்றியலுகரம்தான், ஆனாலும் கதவை, கதவில் என்று உகரம் ஓடிவிடுகிறது. நன்னூலும் ‘முற்றும் அற்று ஒரோவழி’ என்று இதற்கு இடம் விட்டிருக்கிறது. ‘அது’வில் இரண்டையும் பார்க்கலாம்: ஐ சேர்ந்தால் அதை, உம் சேர்ந்தால் அதுவும்.

நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் ‘வாசுவை’ என்றே மாற்றிவிடச் சொல்லுங்கள். ‘சில இடங்களில்’, ‘விழா அழைப்பு’ இரண்டையும் பிரித்துவிடுங்கள். கோவிலை ஆசிரியர் விருப்பப்படியே விட்டுவிடலாம்.