ஒரு லிட்டர் இட்லி மாவுக்கு விலை வைப்பது எப்படி?

"தருமபுரியில் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறேன். லிட்டர் 50 ரூபாய்க்குக் கொடுத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே, ஏன்?"

மொத்தச் செலவை அரைத்த லிட்டரால் வகுக்காமல், விற்றுக் காசான லிட்டரால் வகுக்க வேண்டும்.

எங்கள் கிருஷ்ணகிரிக் கணக்கைச் சொல்கிறேன். 4 கிலோ இட்லி அரிசி 180, 1 கிலோ உளுந்து 130, வெந்தயம், உப்பு, மின்சாரம் 30, கூலி 150 என 490 ரூபாய் ஆகிறது. 12 லிட்டர் வர வேண்டிய மாவில், குழவியிலும் கிரைண்டர் சுவரிலும் ஒட்டியது போக 11 லிட்டர்தான் பாத்திரத்துக்கு வரும். வழித்துக் கழுவும் தண்ணீரை, முதலிலேயே அளந்து வைத்த தண்ணீரிலிருந்து எடுத்தால் இந்தச் சேதம் குறையும். கூடுதலாக ஊற்றினால் மாவு நீர்த்து, இட்லி தட்டையாகிவிடும்.

கவர் ஒன்று 3 ரூபாய் வீதம் 33 சேர்த்தால் 523. ஒரு லிட்டர் புளித்து வீணானால் விற்பது 10 லிட்டர், அடக்கம் 52 ரூபாய் 30 காசு. ஆகவே நேரடி விற்பனைக்கு 60, கடைக்காரருக்குக் கழிவு கொடுப்பதானால் 65 வைக்கலாம்.

பொங்கிய மாவில் காற்று இருப்பதால் லிட்டருக்கு எடை குறையும். அதை அளந்து விற்றால் வாங்குபவருக்குத்தான் நட்டம் என்பதால், பொங்குவதற்கு முன்பே அளந்து, கவரில் இடம் விட்டுக் கட்டுங்கள். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கவர் உப்பி, புளிப்பு வாடை வந்தால், அன்றைய சேதத்தை இரண்டு லிட்டராகவே எழுதுங்கள். அடக்கம் 58 ரூபாயைத் தாண்டும்.